பினாமி யுத்தம்: ஒரு துப்பாக்கி ஆப்கான் மலைக்குப் போன கதை

பினாமின்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பணம் ஒருத்தரோடது, பத்திரம் இன்னொருத்தர் பேர்ல. நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தா, "அது என் நிலமே இல்லையே" என்று பணம் போட்டவர் கையை விரிச்சிடலாம்.

பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் யுத்தத்தையே இப்படித்தான் நடத்தின. இரண்டு பேர் கையிலும் அணுகுண்டு. நேருக்கு நேர் மோதினால் அது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் கொரியா, வியட்நாம், அங்கோலா, நிகரகுவா என்று ஒவ்வொரு இடத்திலும், ஒரு தரப்பாவது உள்ளூர் ஆட்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்து எதிராளியைத் தளர வைக்கப் பார்த்தது. பாடப் புத்தகத்தில் இதற்கு 'மறைமுகப் போர்' என்று இரண்டு வரி வரும். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டு ஆட்களுக்கு ஆயுதம் கொடுக்கிறது என்றால், நடைமுறையில் அது எப்படி நடக்கும்? யார் வாங்குவார், யார் சுமப்பார், யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு பண்ணுவார்? ஆப்கானிஸ்தானை மட்டும் எடுத்துக்கிட்டு இதைப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்கதை

1978 ஏப்ரலில் ஆப்கான் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தது. கிராமங்களில் கடும் எதிர்ப்பு, கட்சிக்குள்ளேயே அடிதடி. ஆட்சி கவிழ்ந்துவிடுமோ என்று பயந்த சோவியத் யூனியன் 1979 டிசம்பரில் தன் படையையே உள்ளே இறக்கியது. பப்ரக் கார்மல் என்பவரை ஆட்சியில் உட்கார வைத்தது. எதிர்த்து நின்ற குழுக்களுக்குப் பொதுப்பெயர் முஜாஹிதீன்.

அமெரிக்காவுக்கு இது நல்ல வாய்ப்பு. வியட்நாமில் அமெரிக்காவோடு மோதியவர்களுக்கு சோவியத்தும் சீனாவும்தான் ஆயுதம் கொடுத்தன. இப்போ அதே கணக்கைத் திருப்பிப் போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அமெரிக்கா கொடுத்தது என்று நிரூபிக்க முடியக்கூடாது. நிரூபணமானால் சோவியத் கோபம் பக்கத்திலிருக்கும் பாகிஸ்தான் மேல் பாயும். பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக்கின் கணக்கும் அதுதான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கணும், ஆனா பொங்கி வழியக்கூடாது.

இந்த ஒரு நிபந்தனையை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி நடந்ததில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வந்தது.

துப்பாக்கியின் பாதை

நிரூபிக்க முடியக்கூடாது என்றால் அமெரிக்கத் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. அதனால் சி.ஐ.ஏ. கடைக்குப் போனது. சோவியத் டிசைனில் ஆயுதம் தயாரிக்கும் நாடுகள் சீனா, எகிப்து. அங்கே ஏ.கே. ரகத் துப்பாக்கிகளையும் ராக்கெட்டுகளையும் வாங்கினார்கள். இதில் இரண்டு லாபம். ஒன்று, சோவியத் படை அதைப் பிடித்தாலும், "உங்ககிட்ட இருந்து பறிச்சதுதான்" என்று சொல்லலாம். இரண்டு, தோட்டா சைஸ் ஒன்றே. எதிரியிடம் பறித்த தோட்டாவையும் அதே துப்பாக்கியில் போடலாம். காசு கொடுத்தது அமெரிக்கா மட்டும் இல்லை. அமெரிக்கா போடும் ஒவ்வொரு டாலருக்கும் சவூதி அரேபியா ஒரு டாலர் போட்டது.

சரக்கு கப்பலில் கராச்சி துறைமுகம் வரும். அங்கேயிருந்து பொறுப்பு பாகிஸ்தான் ராணுவ உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யிடம். ராவல்பிண்டி பக்கம் ஓஜ்ரி என்ற ராணுவக் கிடங்கு, பிறகு லாரியில் எல்லைப்பக்கம் பெஷாவர். பெஷாவரில் ஏழு முஜாஹிதீன் கட்சிகள் அலுவலகம் போட்டிருந்தன. ஐ.எஸ்.ஐ. கட்சிக்குக் கொடுக்கும், கட்சி தன் தளபதிக்குக் கொடுக்கும், தளபதியின் ஆட்கள் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலைக்கணவாய் வழியாக உள்ளே கொண்டுபோவார்கள்.

கவனிச்சீங்களா? கராச்சியைத் தாண்டியதும், காசு போட்டவர் கையில் பெரும்பாலும் கணக்குப் புத்தகம் மட்டும்தான். பினாமி பேரில் பத்திரம் போட்டால் நிலத்தில் என்ன பயிர் என்பதையும் பினாமிதான் முடிவு பண்ணுவார்.

கசிவு எங்கே?

நீளமான பைப்லைன் என்றால் வழியில் கசியும். பழைய, துருப்பிடித்த சரக்கை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. வழியில் திருடி எல்லைச் சந்தையில் விற்றவர்களும் உண்டு. ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் பெஷாவரில்தான், பங்கு பிரிக்கும் இடத்தில்.

அமெரிக்காவுக்கு ஒரே நோக்கம்: சோவியத் படைக்கு சேதம். பாகிஸ்தானுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: யுத்தம் முடிந்தபின் காபூலில் தனக்கு வேண்டிய ஆட்சி. அதனால் தனக்கு நெருக்கமான, தீவிர மதவாதக் கட்சியான குல்புதீன் ஹெக்மத்யாரின் ஹெஸ்ப்-இ-இஸ்லாமிக்கு அதிகப் பங்கு போனது. பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் சோவியத் படையெடுப்புகளைத் திரும்பத் திரும்பத் தாக்குப்பிடித்த அகமது ஷா மசூதுக்கு வந்ததோ சொற்பம். ஹெக்மத்யாரின் ஆட்கள் மற்ற முஜாஹிதீன் குழுக்களையே தாக்கியதும் நடந்தது. யார் நன்றாகப் போரிடுகிறார் என்பதைவிட, யார் பெஷாவரில் யாருக்கு வேண்டியவர் என்பதே பங்கை நிர்ணயித்தது.

இதற்கு நடுவே பணம் ஏறிக்கொண்டே போனது. 1981-ல் ஆண்டுக்கு சுமார் 3 கோடி டாலராக இருந்த அமெரிக்கப் பங்கு 1987-ல் சுமார் 63 கோடி டாலர் ஆனது.

ஸ்டிங்கர் வருகிறது

சோவியத் பக்கம் பெரிய பலம் மி-24 ஹெலிகாப்டர். அடியில் கவசம், சாதாரணத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது. கழுதை வரிசைகளை வானத்திலிருந்தே அழித்துவிடும். முஜாஹிதீனிடம் இருந்த பழைய சோவியத் டிசைன் ஏவுகணைகள் சரியாக வேலை செய்யவில்லை. பிரிட்டனின் புளோபைப் ஏவுகணையும் கைகொடுக்கவில்லை, அதை இயக்குபவர் நின்றுகொண்டே கடைசிவரை கையால் வழிநடத்த வேண்டும்.

1986-ல் வாஷிங்டன் அந்தப் பழைய நிபந்தனையைக் கைவிட்டு, அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டிங்கரைக் கொடுக்க முடிவெடுத்தது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை, எடை சுமார் 15 கிலோ. சுடும் முன் கைப்பிடியில் ஒரு சின்ன யூனிட்டைச் சொருக வேண்டும். அது மின்சாரமும் தரும், ஆர்கான் வாயுவை விட்டு முனையில் இருக்கும் சென்சாரைக் குளிரவும் வைக்கும். சென்சார் குளிர்ந்திருந்தால்தான் தூரத்து இன்ஜின் சூடு தெளிவாகத் தெரியும். ஒரு யூனிட் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தாங்கும். அதற்குள் இலக்கைப் பிடித்தால் பீப் சத்தம் வரும், விசையை அழுத்தலாம். அதற்குப் பிறகு ஏவுகணை தானாகவே சூட்டைத் துரத்தும், சுட்டவர் ஓடி ஒளிஞ்சிடலாம்.

1986 செப்டம்பர் 25, ஜலாலாபாத் விமான தளம் அருகே. கஃபார் என்ற தளபதியின் குழு காத்திருந்தது. (ஆப்கானில் பொறியியல் படித்தவர்களை 'இன்ஜினியர்' என்றே அழைப்பார்கள், இவரும் இன்ஜினியர் கஃபார்தான்!) முதல் ஏவுகணை சொதப்பி பக்கத்திலேயே விழுந்தது. அடுத்தடுத்து சுட்டதில் மூன்று மி-24 விழுந்தன. கஃபார் எந்தக் கட்சி என்று கேட்டால், ஹெக்மத்யாரின் கட்சி.

ஸ்டிங்கர்தான் சோவியத்தை விரட்டியது என்று நிறைய வீடியோக்களில் சொல்வார்கள். தேதியைப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. 1986 பிப்ரவரியிலேயே கோர்பச்சேவ் இந்த யுத்தத்தை ரத்தம் கசியும் புண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வெளியேறும் எண்ணம் அதற்கும் முன்பே இருந்தது. ஸ்டிங்கர் வந்ததும் சோவியத் விமானிகள் தீப்பொறி வீசி ஏவுகணையை ஏமாற்றினார்கள், உயரமாகப் பறந்தார்கள், இரவில் பறந்தார்கள். சேதம் குறைந்தது, குறியும் குறைந்தது. ஸ்டிங்கர் யுத்தத்தின் விலையை ஏற்றியது உண்மை. வெளியேறும் முடிவை அது ஒன்றே எடுக்க வைத்தது என்பதற்குத் தேதிகள் ஒத்துழைக்கவில்லை.

பில் யாருக்கு வந்தது?

1988 ஏப்ரல் 10 காலை ஓஜ்ரி கிடங்கு வெடித்தது. ஆப்கானுக்குப் போக வேண்டிய ராக்கெட்டுகள் ராவல்பிண்டி, இஸ்லாமாபாத் வீதிகளில் விழுந்தன. சுமார் நூறு பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து ஜெனிவாவில் ஒப்பந்தம், 1989 பிப்ரவரி 15-ல் கடைசி சோவியத் படை வெளியேறியது. சோவியத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 15 ஆயிரம். ஆப்கானியர்கள் பத்து லட்சம் பேர்வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

படை போனதும் காபூல் ஆட்சி சில மாதத்தில் விழும் என்று எல்லோரும் நினைத்தார்கள். விழவில்லை. ஏன்னா, இப்போ சோவியத்தும் பினாமி முறைக்கு மாறியிருந்தது. கார்மலுக்குப் பின் வந்த நஜீபுல்லாவுக்கு உணவு, எரிபொருள், ஸ்கட் ஏவுகணை என்று விமானத்தில் அனுப்பிக்கொண்டே இருந்தது. 1989-ல் ஜலாலாபாத்தைப் பிடிக்க முஜாஹிதீன் நடத்திய பெரிய தாக்குதல் தோற்றது. 1992 ஜனவரி முதல் இருவரும் ஆயுதம் அனுப்புவதில்லை என்று வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒப்புக்கொண்டன. ஏப்ரலில் நஜீபுல்லா ஆட்சி முடிந்தது.

வாங்கிய ஆயுதங்கள் மட்டும் அங்கேயே இருந்தன. பெஷாவரில் அதிகப் பங்கு வாங்கிய ஹெக்மத்யாரின் ராக்கெட்டுகள் அதன்பிறகு காபூல் மேல் விழுந்தன, நகரத்தை அப்போது வைத்திருந்தவர் மசூது. சோவியத் யுத்தத்தில் பெருமளவு தப்பிய காபூல், அந்த யுத்தம் முடிந்தபிறகுதான் இடிந்தது.

அமெரிக்காவுக்கு வேறொரு கவலை. மீதமிருக்கும் ஸ்டிங்கர் பயணிகள் விமானத்தின் மேல் திரும்பினால்? அதனால் தான் கொடுத்ததையே திரும்ப வாங்க சி.ஐ.ஏ. தளபதிகளிடம் பேரம் பேசியது. முதலில் ஒதுக்கிய ஒரு கோடி டாலர் போதாமல், மேலும் பல கோடி ஒதுக்கினார்கள். ஒரு ஏவுகணைக்குத் தயாரிப்பு விலையைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுத்தும் எல்லாம் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை செய்தியில் 'உள்ளூர்ப் படைக்கு ஆயுத உதவி' என்று வந்தால், என்ன ஆயுதம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. கடைசி கிடங்கின் சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. ஆப்கானில் அந்தச் சாவி பெஷாவரில் இருந்தது. காபூல்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை.