எத்தனை தட்டு, யாருக்கு, எத்தனை மணிக்கு?

கோவையில் ஒரு கல்லூரி மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பேராளர்கள் 200 பேர். தன்னார்வ மாணவர்கள், ஓட்டுநர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள் என்று 25 பேர். "225 பேருக்கு மூன்று நாளும் மூன்று வேளையும் சைவச் சாப்பாடு, தட்டுக்கு என்ன விலை?" என்று கேட்டரிங்காரர்கள் மூவருக்குக் கடிதம் போகிறது. மூன்று கொட்டேஷனும் வரும். ஆனால் மூவரும் மூன்று விதமாக நினைத்து விலை போட்டிருப்பார்கள் என்பதால் அவற்றை ஒப்பிட முடியாது.

முதலில் தலைக்கணக்கு. அந்தக் கடிதத்தின்படி 2,025 தட்டு. வேளைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். விடுதியில் தங்கும் வெளியூர்க்காரர்கள் 60 பேர்தான். காலைச் சிற்றுண்டி அவர்களுக்கு மட்டும் என்றால் மூன்று நாளுக்கு 180 தட்டு. மதியத்துக்கு முதல் இரு நாளும் 225 பேர். மூன்றாம் நாள் பலர் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் 150. ஆக 600 தட்டு. இரவில் முதல் நாள் 60, இரண்டாம் நாள் விருந்துக்கு 200, கடைசி நாள் இல்லை; அது 260. மொத்தம் 1,040. ஏறக்குறையப் பாதி!

இந்த எண்ணும் கடைசி நேரத்தில் மாறும். அதனால் இறுதி எண்ணிக்கையை என்று சொல்வீர்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். அரிசி, காய்கறி வாங்க அவருக்கு இரண்டு நாளாவது வேண்டும். "48 மணி நேரம் முன்பு சொல்லும் எண்ணிக்கைக்குக் கண்டிப்பாகப் பணம் தருவோம், அதற்கு மேல் 10 பேர் வரை கூடினால் அதே விலைக்குத் தர முடியுமா?" என்று கேளுங்கள். கூடுதல் தட்டுகளை எண்ணுவது கூப்பனை வைத்தா, தட்டை வைத்தா என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். பில் வரும்போது தகராறு கிளம்புவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பது. 'சைவம்' என்ற ஒரு சொல் போதாது. சமணர்களில் பலர் வெங்காயம், பூண்டோடு உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கிழங்கு வகைகளையும் தொடுவதில்லை. இருட்டிய பிறகு சாப்பிடாதவர்களும் உண்டு. அப்படி ஆறு பேர் இருந்தால் அவர்களுடைய இரவு உணவை மாலை ஐந்தரைக்கே கேட்க வேண்டும். பால் பொருளே வேண்டாம் என்பவருக்கு நெய் விட்ட பொங்கல் ஆகாது. முந்திரி ஒவ்வாதவருக்குக் குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது கோதுமை. கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்குச் சப்பாத்தியைத் தவிர்த்து, சோறும் சாம்பாரும் வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அந்தச் சாம்பாரும் ரசமும் அவருக்கு ஆகாது. எனவே "குளூட்டன் இல்லாத உணவு, 2 பேர், பெருங்காயம் சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிக் கரண்டியோடு பெயர் எழுதி வைக்க வேண்டும்" என்று விரித்து எழுதுங்கள். இதற்கு எப்படி ஏற்பாடு செய்வார் என்று பதிலில் ஒரு வரி கேளுங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று மட்டும் சொல்பவரிடம் மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது நேரம். "மதியச் சாப்பாடு 1 மணி" என்று எழுதினால், 1 மணிக்கு வண்டி வாசலில் நிற்கும். பாத்திரம் இறக்கி, மேஜை விரித்து, சூடு ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரமாகும். ஆகவே வண்டி வருவது 12 மணி, பரிமாறத் தயார் 12.50, சாப்பாடு 1 மணி என்று மூன்று நேரம் தேவை. ரொம்ப முன்னதாகக் கொண்டுவரச் சொல்வதும் தவறு. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிக் கிடந்தால் கிருமி பெருகும். தூரத்திலிருந்து கொண்டுவருகிறார் என்றால் சூட்டை எப்படிக் காப்பார் என்று விசாரியுங்கள்.

வரிசையையும் கணக்கிட வேண்டும். தட்டில் எடுத்துக்கொண்டு ஒருவர் நகர 15 விநாடி என்றால் நிமிடத்துக்கு நான்கு பேர். ஒரே வரிசையில் 225 பேர் நின்றால் கடைசி ஆளின் தட்டு நிறைய ஒரு மணி நேரத்துக்கு நான்கு நிமிடமே குறையும். அதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிடும். நான்கு வரிசை என்றால் கால் மணி நேரம். கவுன்டர் எத்தனை, பரிமாறுபவர் எத்தனை பேர் என்பதைக் கடிதத்தில் சேர்த்தால், ஆள்கூலியும் அந்த விலைக்குள் வந்துவிடும்.

கொட்டேஷன் வந்ததும் தட்டு விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜிஎஸ்டி, வண்டிக் கூலி, குடிநீர், குப்பை அகற்றல் ஆகியவை சேர்ந்ததா தனியா என்று பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேளைவாரி எண்ணிக்கை, விலக்கு உணவு, நேரம் மூன்றையும் விவரமாக எழுதிய ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புங்கள். அதற்கு வரும் விலைகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.