பாதிப் பேரைத் தெரிந்தால் போதும்

வட்டமேசை விருந்து ஒன்றுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்ற விவரம் விருந்து வைப்பவரிடம் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் மற்றவர்களில் ஐந்து பேரையாவது தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இரு பக்கமும் தெரிந்த முகமே இருக்கும்படி எல்லாரையும் உட்கார வைக்க முடியுமா?

முடியும். அந்த அறிமுகங்கள் எப்படிப் பின்னிக் கிடந்தாலும் முடியும். கேப்ரியல் டிராக் என்ற கணிதவியலாளர் 1952-ல் நிறுவிய தேற்றம் இது. புடாபெஸ்ட்டில் பிறந்த அவர், இயற்பியலாளர் பால் டிராக்கின் வளர்ப்பு மகன்.

விருந்தாளிகளைப் புள்ளிகளாக வைத்து, அறிமுகமான இருவரை ஒரு கோட்டால் இணைத்தால் கிடைக்கும் படத்தைக் கோட்டுரு என்பார்கள். ஒரு புள்ளியில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கை அதன் படி. எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை மட்டுமே தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதை ஹாமில்டன் சுற்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட கோட்டுருவில், ஒவ்வொரு புள்ளியின் படியும் மொத்தப் புள்ளிகளில் பாதிக்குக் குறையாமல் இருந்தால் ஹாமில்டன் சுற்று கட்டாயம் உண்டு என்கிறது டிராக்கின் தேற்றம்.

ஏன் கட்டாயம்? முதலில் பத்துப் பேரையும் கண்டபடி உட்கார வைப்போம். ஓரிடத்தில் அமுதாவும் அவருக்கு வலப்பக்கம் பாலனும் இருக்கிறார்கள், இருவருக்கும் அறிமுகமில்லை. இந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மேசையைச் சுற்றிப் பார்த்து, அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் வேறு இருவரைத் தேடுவோம்: கயல், அவருக்கு வலப்பக்கம் மணி. அமுதாவுக்குக் கயலைத் தெரிந்திருக்க வேண்டும், பாலனுக்கு மணியைத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஜோடி கிடைத்துவிட்டால், பாலன் முதல் கயல் வரை உள்ளவர்களை அப்படியே வரிசை திருப்பி உட்கார வைத்தால் போதும். இப்போது அமுதாவுக்குப் பக்கத்தில் கயல், பாலனுக்குப் பக்கத்தில் மணி. நடுவில் இருப்பவர்களின் பக்கத்து ஆட்கள் மாறவில்லை. பொருந்தாத இடங்களில் குறைந்தது ஒன்று குறைந்துவிட்டது.

அப்படி ஒரு ஜோடி கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? தேற்றத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அமுதாவுக்கு ஐந்து பேரையாவது தெரியும். அந்த ஐவருக்கும் வலப்பக்கம் இருக்கும் ஐந்து பேரைக் குறித்துக்கொள்வோம். பாலன் இந்தப் பட்டியலில் வரமாட்டார்; அவருக்கு முன்னால் இருப்பவர் அமுதாவேதான். ஆகவே பத்துப் பேரில் பாலனையும் இந்த ஐவரையும் கழித்தால் மிஞ்சுவது நான்கே பேர். பாலனுக்கோ ஐந்து பேரையாவது தெரியும். நால்வருக்குள் ஐவர் அடங்க முடியாது. குறித்துவைத்த ஐவரில் ஒருவரையாவது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவர்தான் மணி. அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் கயல். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தால், அதிகபட்சம் பத்துத் திருப்பல்களில் மேசை முழுவதும் பொருந்திவிடும்.

இந்த வாதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். எல்லாருக்கும் பாதிப் பேரைத் தெரியும் என்பதை அது முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. அறிமுகமில்லாத அமுதா, பாலன் இருவரின் படிகளையும் கூட்டினால் பத்துக்குக் குறையக்கூடாது. அது மட்டும் போதும். நார்வேக்காரரான ஊய்ஸ்டீன் ஓரே 1960-ல் வெளியிட்ட தேற்றம் இதுதான். மூன்று பேரை மட்டுமே தெரிந்த கூச்ச சுபாவக்காரர் ஒருவர் வந்தாலும் பாதகமில்லை. அவருக்குத் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஏழு பேரையாவது தெரிந்திருந்தால் சரி.

பாதி என்ற எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டால், பொதுவாக முடியாது. ஐந்து ஐந்து பேராக இரண்டு குடும்பங்கள். ஒரே ஒருவர் இரண்டிலும் உறவு. ஆக மொத்தம் ஒன்பது பேர். அவரவர் குடும்பத்துக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், மற்றக் குடும்பத்தாரைத் தெரியாது. பொது உறவினர் தவிர ஒவ்வொருவரின் படியும் நான்கு. ஒன்பதில் பாதியான நாலரையை விட அரைதான் குறைவு. ஆனாலும் சுற்று அமையாது. ஒரு குடும்பத்திலிருந்து மற்றதற்குப் போகவும் திரும்பி வரவும் அந்தப் பொது உறவினர் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு, படி பாதிக்குக் குறைந்தால் சுற்றே கிடையாது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. சுற்று உறுதி என்பதுதான் போகிறதே தவிர, சுற்று போய்விட்டதாகப் பொருளில்லை. இந்தச் சுற்றுக்குப் பெயர் தந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனின் விளையாட்டே அதற்குச் சாட்சி. 1857-ல் அவர் உருவாக்கி, 1859-ல் லண்டன் ஜாக் நிறுவனத்துக்கு 25 பவுண்டுக்கு விற்ற விளையாட்டு அது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மத்தின் 20 முனைகளே நகரங்கள். எல்லா நகரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட்ட ஊருக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நகரிலிருந்தும் மூன்றே சாலைகள். டிராக் கேட்பது பத்து. ஓரே கேட்கும் கூட்டுத்தொகை 20, இங்கே இருப்பதோ ஆறு. இருந்தும் சுற்று உண்டு. முதல் ஐந்து நகரங்களைப் பாதையில் அடுத்தடுத்து எப்படிக் கொடுத்தாலும் மீதியை முடித்துவிடலாம். இரண்டு தேற்றங்களும் இந்தக் கோட்டுருவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இன்னும் நல்ல நிபந்தனை ஒன்றைக் கண்டுபிடித்து, படிகளை மட்டும் எண்ணியே சுற்று உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாதா? முடியாது என்பதை இரண்டு சிறிய படங்கள் காட்டிவிடும். வெளியே ஓர் ஐங்கோணம், உள்ளே ஐந்து புள்ளிகள். ஒவ்வொரு வெளிப்புள்ளியையும் அதற்கு நேர் உள்ளே இருக்கும் புள்ளியோடு ஒரு குறுக்குக் கோடு இணைக்கிறது. முதல் படத்தில் உள்புள்ளிகளும் ஐங்கோணமாகவே இணைந்திருக்கின்றன. இரண்டாவதில் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில் இணைந்திருக்கின்றன. இரண்டிலும் பத்துப் புள்ளிகள், ஒவ்வொன்றின் படியும் மூன்று. முதல் படத்தில் சுற்று எளிது: வெளியே ஐந்தையும் தொட்டு, உள்ளே இறங்கி, வந்த திசைக்கு எதிராக ஐந்தையும் தொட்டு மேலேறினால் முடிந்தது.

இரண்டாவது படம் டென்மார்க்கின் யூலியஸ் பீட்டர்சன் 1898-ல் வெளியிட்டது. அதில் சுற்றே இல்லை. உள்ளே எத்தனை முறை இறங்குகிறோமோ அத்தனை முறை ஏற வேண்டும் என்பதால், பயன்படும் குறுக்குக் கோடுகள் இரண்டு அல்லது நான்குதான். இரண்டு என்றால், வெளியே ஐந்தையும் தொடும் பாதையின் இரு முனைகளும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். அவற்றுக்கு நேர் உள்ளே இருப்பவையோ நட்சத்திரத்தில் ஒன்றோடொன்று இணையாதவை. ஆனால் நட்சத்திரத்தின் ஐந்து புள்ளிகளையும் தொடும் பாதையின் முனைகள் இணைந்தவையாகவே இருக்கும். ஆகவே பொருந்தாது. நான்கு கோடுகளை எடுத்தால் மற்றக் கோடுகள் தாமாகவே முடிவாகிவிடுகின்றன; வரைந்து பார்த்தால் ஐந்து ஐந்து புள்ளிகளாக இரண்டு தனி வளையங்களே மிஞ்சும்.

படிகளின் பட்டியல் இரண்டு படங்களுக்கும் ஒன்றுதான், விடைதான் வேறு. எந்தப் புள்ளியில் எத்தனை கோடு என்பதைப் படி சொல்லும். அந்தக் கோடுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைச் சொல்லாது. வாட்ஸ்லாவ் க்வாட்டல் 1972-ல் படிகளின் பட்டியலைக் கொண்டு தரக்கூடிய போதுமான நிபந்தனைகளில் மிக வலுவானதைத் தந்தார். ஒரு பட்டியல் அதில் தவறினால், அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன படிகள் இருந்தும் சுற்று இல்லாத கோட்டுரு ஒன்று கட்டாயம் உண்டு. பன்னிரண்டு முகத் திண்மம் அதிலும் தேறாது.

அதே 1972-ல் ரிச்சர்ட் கார்ப், விரைவான வழி தெரியாத கடினக் கணக்குகள் 21-ஐப் பட்டியலிட்டபோது, ஹாமில்டன் சுற்று உண்டா என்ற கேள்வியும் அதில் இருந்தது. எல்லாக் கோட்டுருக்களுக்கும் பொருந்தும் விரைவான வழி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஆயிரம் புள்ளிகள் இருந்து, ஒவ்வொன்றின் படியும் ஐந்நூறுக்குக் குறையாமல் இருந்தால், அமுதாவுக்கும் பாலனுக்கும் செய்த அதே திருப்பலை ஆயிரத்துக்கு மேற்படாத தடவை செய்து சுற்றைக் கையில் எடுத்துவிடலாம்.