தாத்தா படத்தில் விளக்கு தெரிகிறதா?

மாணவர்களே, இன்று இரவு வீட்டுக் கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு சோபாவில் உட்காருங்கள். எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தைப் பாருங்கள். முகம் தெரிகிறதா, அல்லது கண்ணாடிச் சட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு மின்னுகிறதா? மின்னினால், நீங்கள் பார்ப்பது தாத்தாவை அல்ல, விளக்கின் பிம்பத்தை.

கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள். அவற்றுக்கென்று தனி வெளிச்சம் வேண்டும். மேலே இருப்பது கான்கிரீட் தளம் என்பதால், விளக்கைக் குடைந்து உள்ளே புதைக்க முடியாது. அதற்குத் தோதானது ட்ராக் லைட். தண்டவாளம் போன்ற ஓர் அலுமினியச் சட்டத்தைக் கூரையில் திருகிவிடுவார்கள். அதன் உள்ளே நீளவாக்கில் செம்புக் கம்பிகள் ஓடும். ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் போதும், நான்கைந்து ஸ்பாட்லைட்டுகளை விரும்பிய இடத்தில் மாட்டலாம், நகர்த்தலாம், திருப்பலாம். (உள்ளே இருப்பது வீட்டு மின்சாரம்தான். விரலையோ கம்பியையோ நுழைக்காதீர்கள். பொருத்தும் வேலை தகுதி பெற்ற வயர்மேனுடையது.)

விளக்கை நகர்த்தலாம், ஆனால் தண்டவாளத்தை நகர்த்த முடியாது. சுவரிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் தள்ளித் துளை போடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பலர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கூடத்தின் நடுவில் போட்டுவிடுகிறார்கள். என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விளக்கின் முகம் தரையிலிருந்து 260 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சோபாவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் 110 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்து 200 செ.மீ. தள்ளி இருக்கிறது. தண்டவாளமும் சுவரிலிருந்து 200 செ.மீ. தள்ளி இருப்பதாக வைப்போம். கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். விளக்கும் கண்ணும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால், பிம்பம் இரண்டின் உயரங்களுக்கும் சரிபாதியில், அதாவது 185 செ.மீ. உயரத்தில் தெரியும். படங்களின் மேல் விளிம்பு 190 செ.மீ. என்றால், விளக்கு தாத்தாவின் தலைக்கருகே போய் உட்கார்ந்துகொள்ளும்!

இப்போது தண்டவாளத்தைச் சுவருக்கு அருகே கொண்டு வருவோம். படங்களின் மையம் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால், விளக்கு அதைவிட 110 செ.மீ. மேலே இருக்கிறது. படக்கூடங்களில் ஒளி செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்ந்து விழும்படி வைப்பது வழக்கம். 110-ஐ 30 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.577-ஆல் பெருக்கினால் 63 செ.மீ. வரும். அங்கே தண்டவாளம் இருந்தால், சோபாவில் இருப்பவருக்குப் பிம்பம் 224 செ.மீ. உயரத்தில்தான் விழ வேண்டும். அங்கே வெறும் சுவர்தானே இருக்கிறது? படம் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் இன்னும் நெருக்கி, 20 செ.மீ. தூரத்தில் வைத்தால் மேலும் நல்லதா? இல்லை. அப்போது ஒளி ஏறக்குறைய நேர் கீழாக விழும். படத்தைவிட 2 செ.மீ. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் மரச்சட்டத்தின் மேல் விளிம்பு, படத்தின் மீது 8 செ.மீ. அளவுக்கு நிழலை இறக்கிவிடும். 63 செ.மீ. தூரத்தில் அதே நிழல் 2 செ.மீ.க்குச் சற்று மேல்தான்.

அடுத்தது கதிரின் அகலம். ஸ்பாட்லைட் பெட்டியில் 24 பாகை, 36 பாகை என்று அச்சடித்திருப்பார்கள். நம் கணக்கில் விளக்கிலிருந்து படத்தின் மையம் 127 செ.மீ. தூரம். அங்கே 24 பாகை விளக்கு சுமார் 54 செ.மீ. அகலத்துக்கு ஒளி போடும். ஒற்றைப் படத்துக்கு அது போதும். 36 பாகை சுமார் 82 செ.மீ.; சிறு படங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு அது பொருந்தும். ஒளி சாய்வாக விழுவதால் வட்டம் கீழ்ப்பக்கம் நீண்டு முட்டை வடிவில் தெரியும். அது பழுதல்ல.

பழைய வண்ணப் புகைப்படமாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. எல்.இ.டி. விளக்கில் புறஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை மெல்ல மெல்ல வெளுக்கச் செய்யும். அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்குச் சுமார் 50 லக்ஸ் ஒளிதான் தருகின்றன. வீட்டில் அவ்வளவு மங்கலாக வைக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். அசல் படத்தை உறையில் பத்திரப்படுத்தி, நகலைச் சட்டமிடுவது இன்னும் நல்லது.

துளை போடும் முன் ஒரு சோதனை செய்யலாம். படத்தின் மேல் விளிம்பருகே ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சுவரோடு தட்டையாக ஒட்டிவிட்டு, சோபாவில் உட்காருங்கள். அண்ணனையோ அக்காவையோ கைப்பேசி விளக்கைக் கூரையருகே பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். முகக்கண்ணாடியில் விளக்கு தெரியும் இடங்களில் எல்லாம் தண்டவாளம் வரக்கூடாது. பகலிலும் ஒருமுறை பாருங்கள். எதிரே சன்னல் இருந்து அது கண்ணாடிக்குள் தெரிந்தால், எந்த ட்ராக் லைட்டும் உதவாது. படத்தை வேறு சுவருக்கு மாற்ற வேண்டியதுதான்.