தடைவட்டம் சொல்லும் செய்தி

வெள்ளறடைப் பக்கத்து மூதாட்டி ஒருவருக்கு மூத்திரத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மூத்திரத்திலிருந்து ஈ. கோலை என்னும் கிருமியைத் திருவனந்தபுரத்துப் பரிசோதனைச்சாலை ஒன்றில் பிரித்தெடுத்து, அதைக் குறிப்பிட்ட அளவு கலங்கலாக உப்புநீரில் கரைத்து, 4 மி.மீ. கனமுள்ள முல்லர்-ஹின்டன் அகர்த் தட்டின்மேல் பஞ்சுக்குச்சியால் சீராகப் பூசி, 6 மி.மீ. அகலமுள்ள சிப்ரோஃபிளாக்சசின் வில்லையை வைத்து, 35 டிகிரி வெப்பத்தில் இரவெல்லாம் காத்திருந்தார்கள். வில்லையிலிருந்து ஔஷதம் அகருக்குள் பரவிச் செல்லச் செல்ல அதன் வலிமை குறைகிறது. கிருமியோ அதே வேளையில் பெருகிக்கொண்டே வருகிறது. இவ்விரண்டின் போட்டியில், கிருமியின் பெருக்கத்தை ஔஷதத்தால் இனித் தடுக்க முடியாமற்போகும் எல்லையே, மறுநாட் காலையில் தெளிந்த வட்டத்தின் விளிம்பாகத் தெரிகிறது. இம்முறையைப் பாவர், கர்பி முதலியோர் 1966-ல் ஒழுங்குபடுத்தினர்.

இப்போது தட்டைப் புகைப்படமாகப் பிடித்து அளப்பதும் உண்டு. படத்தில் வில்லை 60 புள்ளி அகலமும் வட்டம் 250 புள்ளி அகலமும் இருந்தால், 250-ஐ 60-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்க, 25 மி.மீ. என்று வரும். இங்கே வில்லையையே அளவுகோலாகக் கொண்டதை வாசகர் கவனிக்க வேண்டும். அதற்குப் பதிலாக மேஜைமேல் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, 10 செ.மீ. உயரத்திலிருந்து படம் பிடித்தோமானால், அகரின் மேற்பரப்பு மேஜையைவிட 5 மி.மீ. உயர்ந்து காமிராவுக்கு அருகில் இருப்பதால், அதே வட்டம் 26 மி.மீ.க்குச் சற்று மேலாகக் காட்டும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணலாகாது. சிப்ரோஃபிளாக்சசினுக்கு ஈ. கோலை போன்ற கிருமிகளின் விஷயத்தில், இன்றைய அமெரிக்க அட்டவணைப்படி 26-ம் அதற்கு மேலும் என்றால் மருந்துக்குக் கட்டுப்படுவது, 21-ம் அதற்குக் கீழும் என்றால் எதிர்த்து நிற்பது, இடைப்பட்டது இடைநிலை. ஆகவே நம் மூதாட்டியின் கிருமி உண்மையில் இடைநிலையைச் சேர்ந்ததாயிருக்க, அளவுகோல் வைத்த இடத்தின் பிழையால் அது ‘கட்டுப்படும்’ என்று அறிக்கையில் ஏறிவிடும்.

அட்டவணையும் நிலையானதன்று. 2019-க்கு முன் 21 மி.மீ. இருந்தாலே கட்டுப்படுவதாகக் கொண்டார்கள். குறைந்த எதிர்ப்புள்ள கிருமிகளையும் அறிந்துகொள்ளவே வரம்பு உயர்த்தப்பட்டது. பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் பரிசோதனைச்சாலை, அளவில் ஒரு தவறும் செய்யாமலே, தீர்ப்பில் தவறிவிடும். அறிக்கையில் எந்த ஆண்டின் அட்டவணை என்று எழுதுவதை நான் அவசியமாகக் கருதுகிறேன்.

புகைப்படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. விளக்கொளி அகரில் பட்டுப் பளபளக்குமிடத்தில், தெளிந்த வட்டத்துக்குள்ளேயே முளைத்திருக்கும் இரண்டொரு சிறு கிருமித்திட்டுகள் மறைந்துபோகும். அவை வேற்றுக் கிருமி கலந்ததாலும் வரலாம், மருந்தை எதிர்க்கும் சந்ததியாகவும் இருக்கலாம். ஆதலால் அவற்றைக் கண்டால் வட்டத்தை அளந்து முடிவு சொல்லாமல், கிருமியை மீண்டும் தனிப்படுத்திப் பரிசோதிக்க வேண்டும். கறுத்த துணியின்மேல் தட்டை வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் விழச்செய்து, படம் எடுத்த பின்னும் தட்டைக் கையிலேந்தி ஒருமுறை கண்ணால் பார்ப்பதுதான் இதற்கு வழி.