'கவனமாக' என்பதை அளப்பது எப்படி?

1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மாணவரின் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் அதைத் திருத்தினார்கள். நூற்றுக்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் விடைத்தாளை அனுப்பிப் பார்த்தார்கள். 28இல் தொடங்கி 90ஐத் தாண்டிப் போனது. கணக்கில் இடைவெளி இன்னும் அகலம்!

இதைச் சரிசெய்யத்தான் இன்று பல ஆசிரியர்கள் 'ரூப்ரிக்' வைத்துத் திருத்துகிறார்கள். எந்தத் தரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அட்டவணை அது. ஆனால் ஆசிரியர்களைப் பிரித்த குழப்பம் அந்த அட்டவணைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடக்கிறது. அதற்கான ரூப்ரிக்கில் ஒரு வரி: 'அலைவுநேரத்தைக் கவனமாக அளந்து, தெளிவாகப் பதிவுசெய்துள்ளார். 4 மதிப்பெண்.' படிக்கும்போது குறையே தெரியாது. திருத்த உட்கார்ந்தால்தான் சிக்கல். 'கவனம்' மாணவரின் மனத்தில் நடந்த ஒன்று. ஆசிரியர் கையில் இருப்பது நோட்டு. போதாததற்கு இந்த ஒரு வரியில் இரண்டு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன. கவனமாக அளந்து, கிறுக்கலாக எழுதியவருக்கு எத்தனை மதிப்பெண்?

அதனால் முதல் வேலை வரியை இரண்டாக உடைப்பது. அடுத்து ஒவ்வொரு மங்கலான சொல்லிடமும் ஒரே கேள்வி: நோட்டில் எதைப் பார்த்தால் நான் இப்படிச் சொல்வேன்?

இதற்குப் பாடமே பதில் தருவதுதான் அழகு. ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 நொடி ஆகும். நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் சுமார் 0.2 நொடி தவறும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அலைவை அளந்தால் பிழை பத்தில் ஒரு பங்கு. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து 20ஆல் வகுத்தால் அதே 0.2 நொடி 20 பங்காகச் சிதறி, ஓர் அலைவுக்கு 0.01 நொடியாகிவிடும். அதாவது அரை சதவீதம். கவனம் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான். அந்த வரி இப்போது இப்படி மாறுகிறது: '20 அலைவுகளின் நேரத்தை எடுத்து 20ஆல் வகுத்துள்ளார். மூன்று அளவீடுகள் உள்ளன.' 'தெளிவாக' என்பது 'ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் அலகு உள்ளது' என்று ஆகிறது. ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் இன்னொரு சோதனை உண்டு. பழைய நோட்டுகள் பத்தை எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் பேசிக்கொள்ளாமல் திருத்திப் பார்ப்பது. பத்தில் எட்டு நோட்டுகளில் ஒரே முடிவு வந்தால் வெற்றி என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. இருவருமே பத்தில் எட்டுக்கு 'ஆம்' போடுபவர்கள் என்றால், நோட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருந்தாலும் சராசரியாக 6.8 நோட்டுகளில் ஒத்துப்போயிருப்பார்கள். இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அளக்க ஜேக்கப் கோஹன் 1960இல் ஒரு வாய்பாடு தந்தார், பெயர் 'காப்பா'. முழு ஒற்றுமைக்கு 1, வெறும் தற்செயலுக்கு 0. நம் எட்டுக்கு வருவது 0.375தான். மிகக் குறைவு.

எண்ணைவிட எனக்குப் பிடித்தது, முரண்பட்ட அந்த இரண்டு நோட்டுகள். அவற்றைத் திறந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு மாணவி மூன்று வெவ்வேறு நீளங்களுக்குத் தலா ஓர் அளவீடு எடுத்திருக்கிறாள். மூன்று இருக்கிறது என்றார் ஒருவர். ஒரே நீளத்துக்கு மூன்று வேண்டும் என்றார் மற்றவர். இருவரும் படித்தது சரியே. 'ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று அளவீடுகள்' என்று இரண்டு சொல் சேர்த்ததும் ஓட்டை அடைபடுகிறது.

எல்லாச் சொல்லையும் இப்படி மாற்றிவிட முடியாது. 'கற்பனைத் திறன்' என்பதை 'குறைந்தது இரண்டு உவமைகள்' என்று மாற்றினால் எண்ணுவது எளிது. ஆனால் அளப்பது வேறொன்றை. அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நேர்மை.

ஊசல் வரியிலும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. மூன்று அளவீடுகளும் 40.12, 40.12, 40.12 என்று இருந்தால் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழும். கையால் அழுத்தும் கடிகாரத்தில் நூறில் ஒரு நொடி வரை மும்முறையும் ஒத்துவருவது மிக அரிது. ஆகவே அந்த ரூப்ரிக்கின் அடியில் இன்னொரு வரி தேவை: 'மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால், ஆசிரியர் முன்னிலையில் ஓர் அளவீட்டை மறுபடி எடுக்கவும்.'