முதல் ஆயிரம் பேர் யார்?

2010-இல் சிகாகோவில் பத்திர வர்த்தக வேலையை இழந்த பிராண்டன் ஸ்டான்டன், கேமராவோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். தெருவில் எதிர்ப்படும் பத்தாயிரம் பேரைப் படமெடுத்து, நகர வரைபடத்தில் அவரவர் இடத்தில் பொருத்துவது அவருடைய திட்டம். அந்த ஊரில் அவரை யாருக்கும் தெரியாது, விளம்பரம் செய்யப் பணமும் இல்லை. ஃபேஸ்புக்கில் 'ஹ்யூமன்ஸ் ஆஃப் நியூயார்க்' என்ற பக்கத்தில் படங்களைப் போட்டுக்கொண்டே வந்தார். மாதக்கணக்கில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள், தலைமுடி முதல் உடை வரை எல்லாமே பச்சையாக இருந்த ஒரு பெண்ணைப் படமெடுத்தார். படம் அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு நல்ல படம் இல்லாத ஒரு நாளில், அந்தப் பெண் சொன்னதையும் சேர்த்து அதை வெளியிட்டார். முன்பெல்லாம் தினமும் ஒரு நிறத்தில் உடுத்துவாராம். ஒருநாள் பச்சை உடுத்தினார், அந்த நாள் நன்றாகப் போனது, அதிலிருந்து பதினைந்து ஆண்டுகளாகப் பச்சைதான். அதற்கு முன் போட்ட எத்தனையோ நல்ல படங்களைவிட அந்தப் படத்துக்கு வரவேற்பு அதிகம். அதன்பிறகு ஸ்டான்டன் எதிர்ப்பட்டவர்களைப் படமெடுத்ததோடு நிறுத்தாமல் அவர்களிடம் கேள்வி கேட்கவும் தொடங்கினார். பக்கம் பின்னாளில் ஒரு கோடி பேரைத் தாண்டியது.

தெரியாத ஒருவரின் அழகான படத்தைப் பார்ப்பவர் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த முகத்தோடு நாலு வரிக் கதையும் இருந்தால், 'இதைப் பாரேன்' என்று இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றும். விளம்பரக் காசு இல்லாத புதுப் பக்கம் வளர, இப்படிக் கைமாறிப் போவதுதான் முக்கிய வழி. ஒரு ரீல் தன்னைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர்வதில், அதை எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025-இல் சொன்னார்.

பலர் இங்கே குறுக்கு வழிக்குப் போகிறார்கள். 2018 முதல், யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேண்டும் என்ற விதி இருப்பதால், 'நீ என்னை சப்ஸ்கிரைப் செய், நான் உன்னைச் செய்கிறேன்' என்ற பண்டமாற்று பெருகிவிட்டது. யூடியூப் இதைத் தடை செய்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் நட்டம் பக்கத்துக்குத்தான். 2014-இல் 'வெரிட்டாசியம்' அறிவியல் சேனலின் டெரிக் முல்லர் அதைச் சோதித்துக் காட்டினார். 'வர்ச்சுவல் கேட்' என்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கி, இதை லைக் செய்பவர் முட்டாளாகத்தான் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்தார். பத்து டாலர் விளம்பரத்தை ஓடவிட்டதும் இருபது நிமிடத்தில் 39 லைக் வந்துவிட்டது. லைக் போட்டவர்களைப் பார்த்தால், பலர் ஆயிரக்கணக்கான பக்கங்களை லைக் செய்து வைத்திருந்தவர்கள்.

ஒரு பதிவைத் தளம் முதலில் சிலருக்குத்தான் காட்டுகிறது. அவர்கள் நின்று பார்த்தால், பேசினால், பகிர்ந்தால் அடுத்த வட்டத்துக்குப் போகும், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அந்த முதல் சிலரில் பெரும்பகுதி அக்கறையே இல்லாத ஃபாலோயர்களாக இருந்தால் நல்ல பதிவும் தேறாது. அன்பாக லைக் போடும் சித்தப்பாவும் பழைய அலுவலக நண்பர்களும் இதே விளைவைத்தான் தருவார்கள் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பொருளில் அக்கறை இல்லாத இருநூறு உறவினர்களைவிட, அக்கறை உள்ள இருபது அந்நியர்கள் புதுப் பக்கத்துக்கு மேலானவர்கள்.

மதுரையில் ஒருவர் மாடித்தோட்டத்துக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 'பச்சைக் கனவு' என்று பெயர் வைத்தால் யாரும் தேடிவரமாட்டார்கள். பெயர் வரியில் எழுதுவதும் தேடலில் அகப்படும் என்பதால் அங்கே 'மாடித்தோட்டம் மதுரை' என்று இருக்க வேண்டும். யாரையும் அழைக்கும் முன் ஒன்பது பத்துப் பதிவுகளாவது போட்டுவைத்துவிட வேண்டும். எட்டிப் பார்ப்பவர், தனக்கு இங்கே என்ன கிடைக்கும் என்பதைச் சில நொடிகளில் தீர்மானித்துவிடுவார்.

அடுத்தது எதைப் போடுவது. பூத்த ரோஜாவின் படம் ஸ்டான்டனின் ஆரம்பகாலப் படங்கள் மாதிரி, ரசித்துவிட்டு நகரும் ரகம். மிளகாய்ச் செடியின் இலை சுருள்வதைக் காட்டும் முப்பது நொடி ரீல் அப்படியல்ல. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று இரண்டு இலைகளைக் கையில் பிடித்துக் காட்டினால், மாடியில் மிளகாய் வைத்திருப்பவர் அதைச் சேமித்துக்கொள்வார். அதே தொல்லையில் இருக்கும் தோழிக்கும் அனுப்புவார். பெறுகிறவரும் செடி வளர்ப்பவராகவே இருப்பார். அக்கறை உள்ளவர் மூலம் அக்கறை உள்ளவர் வந்து சேர்வது இப்படித்தான்.

ஆனால் முதல் ஐம்பது பேரைத் தேடித்தான் போக வேண்டும். மாடித்தோட்டக்காரர்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் கூடியிருக்கிறார்கள். அங்கே நுழைந்ததும் லிங்கைப் போட்டால் வெளியேற்றுவார்கள், அது நியாயமும்கூட. 'கத்தரியில் மாவுப்பூச்சி, என்ன செய்வது?' என்று ஒருவர் கேட்டால், அங்கேயே முழு பதிலையும் தர வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கலங்கிக் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது என்று. இரண்டு வாரம் இப்படிப் பதில் சொன்னவரின் பெயரைக் குழுவில் சிலராவது தாங்களாகவே தட்டிப் பார்ப்பார்கள். மெதுவான வேலைதான், ஆனால் இப்படி வருகிறவர்கள் நிலைக்கிறார்கள்.

இன்னொரு வழி, பிறருடைய வாசகர்களை முறையாகச் சந்திப்பது. 2021 முதல் இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவை இரு பக்கங்கள் சேர்ந்து வெளியிட முடியும். ஊரில் உள்ள நாற்றுப்பண்ணைக்கு மூவாயிரம் ஃபாலோயர் இருந்தால், அங்கே போய் நல்ல நாற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு ரீல் எடுத்து, கூட்டுப் பதிவுக்கு அழைக்கலாம். பண்ணைக்கு ஒரு நல்ல ரீல் இலவசம், பக்கத்துக்குச் செடி வாங்குகிறவர்களின் அறிமுகம். லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ள பிரபலத்தைத் தேடி ஓடுவதைவிட இதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது, வருபவர்களும் பொருத்தமானவர்கள்.

வளர்ச்சி எங்கே தடைபடுகிறது என்பதை இன்சைட்ஸ் பகுதி காட்டிக்கொடுக்கும். ரீலைப் பலர் பார்த்தும் பக்கத்துக்குள் யாரும் வரவில்லை என்றால், அந்த ரீல் பார்த்ததோடு முடிந்துபோகும் வகை. உள்ளே நூறு பேர் வந்து இரண்டு பேர்தான் பின்தொடர்ந்தார்கள் என்றால், பிழை பக்கத்தின் முகப்பில் இருக்கிறது. பயோ எதையும் சொல்லவில்லை, அல்லது தோட்டத்துக்கு நடுவே பிறந்தநாள் கேக்கும் அரசியல் மீமும் கிடக்கின்றன. பின்தொடர்பவர்களின் ஊர்ப் பட்டியலையும் பார்க்க வேண்டும். தமிழில் பேசும் பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத தூரத்து நகரங்களிலிருந்து ஒரே இரவில் இருநூறு பேர் வந்திருந்தால், அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் நீக்கிவிடுவதே நல்லது.

காலமும் ஒரு கை கொடுக்கும். ஆடிப்பட்டத்துக்கு விதை தேடுவோர் ஆனியிலேயே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சித்திரையில் பக்கத்தைத் திறந்து, வைகாசி முழுவதும் மண்கலவை, குரோபேக், விதைநேர்த்தி என்று போட்டுவைத்தவருக்கு ஆனியில் கேள்விகள் வந்து குவியும். ஒவ்வொரு கமெண்டுக்கும் அன்றைக்கே பதில் சொல்லி, அடிக்கடி வரும் கேள்வியை அடுத்த ரீலாக்கி, கேட்டவரையே அதில் டேக் செய்தால், அவர் அதைத் தன் ஸ்டோரியில் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. ஆயிரம் பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல முடிகிற காலம் இது ஒன்றுதான். பக்கம் பெரிதான பிறகு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.