சந்தைக் கணக்குகள் – 9: ஒட்டுத் தெரியாத விலைத்தொடர்

ஒரு வியாபார விதியைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்த்து, அது அன்று கையில் இருந்திருந்தால் என்ன தந்திருக்கும் என்று கணக்கிடும் பேக்டெஸ்ட் முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். கம்பெனிப் பங்குகளுக்கு அந்தப் பரீட்சையை நடத்துவது ஓரளவு சுலபம். நேற்று வாங்கிய பங்கும் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய பங்கும் ஒரே பங்குதான். ஃப்யூச்சர்ஸ் வியாபாரத்தில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு காண்ட்ராக்டும் ஒரு குறிப்பிட்ட மாதத்துக்கென்று பிறந்து, எக்ஸ்பைரி நாளில் மறைந்து போகிறது. கச்சா எண்ணெய்க்கு மாதம் ஒரு காண்ட்ராக்ட் இருப்பதால், பத்து வருஷச் சரித்திரம் வேண்டுமென்றால் ஏறக்குறைய நூற்றிருபது காண்ட்ராக்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியாக வேண்டும். ஒட்டும் இடத்தில் நேரும் பிசகு, நடக்காத லாபத்தை நடந்ததாகவும், நடந்த நஷ்டத்தை நடக்காததாகவும் காட்டிவிடும்.

இதற்கு 2020-ஆம் வருஷத்து ஏப்ரல் மாதத்தைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. நியூயார்க்கில் வியாபாரமாகும் அமெரிக்கக் கச்சா எண்ணெய் காண்ட்ராக்ட் ஒன்று ஆயிரம் பேரலுக்கானது. அதை எக்ஸ்பைரி வரையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாகாணத்துக் குஷிங் என்ற ஊரில் எண்ணெயையே பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். கொள்ளைநோயால் உலகத்தின் போக்குவரத்து முடங்கி, குஷிங்கின் தொட்டிகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்ட அந்த நாட்களில், உடனே கையேற்க வேண்டிய மே மாத எண்ணெய்க்கு மதிப்புக் குறைந்து, ஒரு மாதம் பொறுத்து ஏற்கக்கூடிய ஜூன் மாத எண்ணெய் விலை அதற்கு வெகு மேலே நின்றது. ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை செட்டில்மெண்ட் விலை மே காண்ட்ராக்டுக்கு 18.27 டாலர், ஜூன் காண்ட்ராக்டுக்கு 25.03 டாலர். மே காண்ட்ராக்ட் செவ்வாயன்று முடிய இருந்தது.

வெள்ளிக்கிழமை முடிவில் ஒருவர் மே காண்ட்ராக்டை விற்று ஜூன் காண்ட்ராக்டை வாங்கிக்கொண்டார், அதாவது ரோல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று ஜூன் 20.43 டாலரில் முடிந்தது. இந்த இரண்டு நாட்களின் விலையையும் எவ்விதத் திருத்தமும் இல்லாமல் அடுத்தடுத்து எழுதினால், நம் விலைத்தொடர் 18.27-இலிருந்து 20.43-க்கு ஏறியதாக, பேரலுக்கு 2.16 டாலர் லாபம் வந்ததாகப் பேசும். உண்மையில் அவர் கையில் இருந்த ஜூன் காண்ட்ராக்ட் 25.03-இலிருந்து விழுந்து, பேரலுக்கு 4.60 டாலர், காண்ட்ராக்டுக்கு 4,600 டாலர் அவர் கணக்கிலிருந்து போயிற்று. பொய் இடைவெளி தொகையைச் சற்றே மாற்றியதோடு நிற்கவில்லை, நஷ்டத்தையே லாபமாகப் புரட்டிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மே விலைக்கும் ஜூன் விலைக்கும் உள்ள வித்தியாசமான 6.76 டாலரை எவரும் எவருக்கும் கொடுக்கவில்லை. அவை இரு வேறு சரக்குகளின் விலைகள், அவ்வளவே.

பரிகாரம் எளியது. ரோல் செய்யும் நாளில், ஒரே நேரத்தில் எடுத்த இரு காண்ட்ராக்டுகளின் விலைகளைக் கொண்டு வித்தியாசத்தைக் கண்டு, அதை அந்நாள் உட்பட அதற்கு முற்பட்ட விலைகள் அனைத்தோடும் கூட்டிவிட வேண்டும். 18.27 இப்போது 25.03 ஆகிறது, திங்களன்று 20.43, வீழ்ச்சி 4.60, உள்ளபடியே. இப்படிப் பின்னோக்கி ஒவ்வொரு ஒட்டிலும் செய்துகொண்டு போனால் முழுத் தொடரும் கிடைக்கும். ஒரே நேரத்தில் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: பழைய காண்ட்ராக்டின் வெள்ளிக்கிழமை முடிவு விலையையும் புதியதின் திங்கட்கிழமைத் தொடக்க விலையையும் கழித்துப் பார்ப்பவர், இடைப்பட்ட இரு நாள் செய்திகள் உண்டாக்கிய உண்மையான ஏற்ற இறக்கத்தையும் ஒட்டின் கணக்கில் சேர்த்து அழித்துவிடுகிறார்.

ஆனால் இந்தக் கூட்டல் முறைக்கு ஒரு விலை உண்டு. பல வருஷங்கள் கூட்டியும் கழித்தும் வந்தபின், தொடரின் பழைய பகுதியில் நிற்கும் எண்கள் எந்தச் சந்தையிலும் எவரும் கண்டிராத எண்களாகிவிடுகின்றன. அடுத்த மாதக் காண்ட்ராக்ட் எப்போதும் மலிவாக இருக்கும் சரக்கில், பழைய விலைகள் குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்துக்குக் கீழும் இறங்கலாம். தினசரி டாலர் மாறுதல் சரியாக இருக்கும், சதவீதம் பொய்யாகிவிடும். சதவீதத்தை நம்பும் விதிக்குப் பெருக்கல் முறை ஏற்றது: 25.03-ஐ 18.27-ஆல் வகுத்தால் 1.37, முன்விலைகள் யாவற்றையும் அதனால் பெருக்கினால், திங்கட்கிழமை வீழ்ச்சியான 18.4 சதவீதமும், அதற்கு முந்தைய ஒவ்வொரு நாளின் சதவீதமும் அப்படியே நிற்கும்.

பெருக்கல் எங்கே தடுக்கி விழும் என்பதையும் அதே வாரம் காட்டியது. ரோல் செய்வதை ஒரு நாள் தள்ளிப்போட்டவரின் கதையைப் பாருங்கள். திங்கட்கிழமை மே காண்ட்ராக்டின் செட்டில்மெண்ட் விலை மைனஸ் 37.63 டாலர். 20.43-ஐ இதனால் வகுத்து வரும் மைனஸ் எண்ணைக்கொண்டு பெருக்கினால், அதற்கு முந்தைய சரித்திரம் முழுவதும் தலைகீழாகி, ஏறிய நாட்கள் இறங்கியவையாகவும் இறங்கியவை ஏறியவையாகவும் தோன்றும். கூட்டல் முறையோ இங்கும் நிலைகுலைவதில்லை: வித்தியாசம் 58.06, வெள்ளிக்கிழமை விலை 76.33 ஆகிறது, திங்கட்கிழமை 20.43. வீழ்ச்சி 55.90 டாலர், அந்த மனிதர் மே காண்ட்ராக்டில் இழந்ததும் இம்மியும் பிசகாமல் அதுவே. மைனஸ் விலையைத் தரவுப் பிழை என்று எண்ணிச் சல்லடையில் நீக்கிவிடும் புரோகிராமர்கள் இருக்கிறார்கள். மும்பை எம்சிஎக்ஸ் சந்தையே அந்த வாரம் தன் ஏப்ரல் காண்ட்ராக்டைப் பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்குத் தீர்த்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இதிலிருந்தே ரோல் செய்யும் நாளைத் தேர்வது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். வெள்ளிக்கிழமை மாறியவருக்கு 4.60, திங்கட்கிழமை மாறியவருக்கு 55.90. அனுபவஸ்தர்கள் பெரும்பாலும் அடுத்த காண்ட்ராக்டின் வால்யூமோ ஓபன் இன்டரெஸ்டோ நடப்புக் காண்ட்ராக்டை மிஞ்சும்போது மாறிவிடுகிறார்கள். எக்ஸ்பைரிக்கு முதல்நாள் வரை அவர்கள் காத்திருப்பதில்லை. ஆனால் அன்றைய வால்யூம் சந்தை முடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே இன்றைய வால்யூமைப் பார்த்து இன்றைய விலையிலேயே ரோல் செய்ததாக எழுதும் பேக்டெஸ்ட், வருங்காலத்தைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிறது. மறுநாள் விலையில்தான் மாறியதாக எழுத வேண்டும்.

எட்டிப் பார்ப்பதில் இன்னொரு வகை இதைவிடச் சூக்ஷ்மமானது. ஒவ்வொரு புது ரோலும் பின்னால் உள்ள எல்லா விலைகளையும் நகர்த்துகிறது. இருபது நாள் சராசரி ஐம்பது நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு என்ற விதிக்கு அதனால் பாதகமில்லை. எல்லா எண்களோடும் ஒரே தொகையைக் கூட்டினால் இரு சராசரிகளும் சேர்ந்தே நகரும். விலை ஐம்பது டாலருக்குக் கீழே போனால் வாங்கு, அல்லது சராசரியைவிடப் பத்து சதவீதம் உயர்ந்தால் விற்றுவிடு என்ற விதி கூட்டல் தொடரில் ஓடும்போதோ, அதன் தீர்ப்பு நாம் தொடரை எந்தத் தேதியில் கட்டினோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும். விலையின் மட்டத்தைக் கேட்கும் விதிக்கு அன்றைய உண்மையான காண்ட்ராக்ட் விலையையே கொடுக்க வேண்டும்.

கட்டிய தொடர் நேர்மையானதா என்று அறிய ஒரு சோதனை போதும் என்பது என் அபிப்பிராயம். தொடரிலிருந்து தினசரி மாறுதல்களை ஒரு பத்தியில் எழுதுங்கள். அந்தந்த நாளில் கையில் இருந்த காண்ட்ராக்டின் மாறுதலை, அதன் திருத்தாத விலைகளிலிருந்தே எடுத்து, பக்கத்தில் எழுதுங்கள். கூட்டல் தொடரானால் டாலரிலும், பெருக்கல் தொடரானால் சதவீதத்திலும் இரு பத்திகளும் எல்லா நாளும் ஒத்திருக்க வேண்டும். ஒரு வரி ஒவ்வாவிட்டாலும் முதலில் ரோல் நடந்த தேதிக்குப் போய்ப் பாருங்கள். அநேகமாகப் பிழை அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு ரோலிலும் பழையதை விற்ற தரகும் புதியதை வாங்கிய தரகும் இந்தத் தொடருக்குள் வருவதில்லை. லாப நஷ்டக் கணக்கில் அவற்றைத் தனியே கழித்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை ரோல் செய்யும் எண்ணெயில் அது இருபத்துநான்கு தரகு.